பெருக்கினால் சரியாக வரும் பக்கம்

எங்கள் பள்ளி நூலகத்தில் புத்தகக் கணக்குக்கு இரண்டு பதிவேடுகள் உண்டு. ஒன்று சேர்க்கைப் பதிவேடு. பேச்சில் நாங்கள் அக்சஷன் என்றே சொல்வோம். உள்ளே வரும் ஒவ்வொரு பிரதிக்கும் அதில் ஒரு வரி, ஒரு எண். ஒரே புத்தகம் பத்துப் பிரதி வந்தால் பத்து எண் போடவேண்டும். கொடுத்த எண் கொடுத்ததுதான். புத்தகம் கிழிந்து கணக்கிலிருந்து நீக்கப்பட்டாலும் அந்த எண்ணை வேறு புத்தகத்துக்குத் தருவதில்லை. மற்றொன்று கொள்முதல் பதிவேடு. அது பில் வந்ததும் எழுதுவது. அதில் ஒரு தலைப்புக்கு ஒரு வரிதான்: புத்தகத்தின் பெயர், பிரதிகள், விலை, தொகை, கடைசிக் கட்டத்தில் அந்தப் பிரதிகளுக்குக் கொடுத்த சேர்க்கை எண்கள் இதிலிருந்து இதுவரை என்று.

கொள்முதல் பதிவேட்டில் தொகை வரையிலான கட்டங்களை அலுவலக எழுத்தர் நிரப்புவார். பில் அவரிடம்தான் போகும். பக்கத்தின் அடியில் மொத்தம் போட்டு அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போவதும் அவர் வேலை. சேர்க்கை எண் கட்டத்தை மட்டும் நூலகர், புத்தகங்களுக்கு முத்திரை குத்தி எண் போட்டு முடித்த பிறகு எழுதுவார். ஆக ஒரே வரியில் இரண்டு கையெழுத்து. இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாக உதவியது.

இந்தக் கொள்முதல் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலையைப் போன கல்வியாண்டில் எடுத்துக்கொண்டேன். நூலகத்தைக் கோஹாவுக்கு மாற்றலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். கோஹா, நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த இலவச மென்பொருள். அதில் ஒவ்வொரு பிரதிக்கும் தனியாக ஒரு பதிவு வேண்டும். 952 என்ற புலத்தில் அதன் எண், வாங்கிய தேதி, விலை எல்லாம் உட்காரும். அதனால் எந்தத் தலைப்பில் எத்தனை பிரதி வாங்கினோம் என்பது தப்பாக இருந்தால், இல்லாத புத்தகத்துக்குப் பதிவு உண்டாகும், அல்லது இருக்கிற புத்தகத்துக்குப் பதிவே இருக்காது. முதலில் எல்லாவற்றையும் லிப்ரே ஆபிஸ் கால்க் விரிதாளில் தட்டச்சு செய்து, சரிபார்த்து, பிறகு ஏற்றுவது என்று முடிவு செய்தோம்.

தட்டச்சு செய்கிறவரே பதிவேட்டையும் பார்த்துக்கொண்டிருந்தால் வரி தாவிவிடும். ஒருவர் வாசிக்க, மற்றவர் அடிப்பதுதான் நல்ல முறை. எங்கள் அலுவலக உதவியாளர் அக்கா மதிய நேரத்தில் வந்து வாசித்துக் கொடுப்பார். அவர் எண்களை மட்டும் வாசிக்கிற ஆள் இல்லை. புத்தகத்தின் பெயரையும் முழுதாக வாசித்து, இது இன்னும் இருக்கா டீச்சர் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனாலும் அவரை நான் அவசரப்படுத்தவில்லை.

1986 மார்ச் மாதத்துப் பக்கம் வந்தது. நிதியாண்டு முடிவதற்குள் செலவு செய்யவேண்டிய பணத்தில் வாங்கியது போலிருக்கிறது. ஒரே பில், ஏழு தலைப்புகள், அதோடு பக்கம் முடிந்து, அடுத்த கொள்முதல் புதுப் பக்கத்தில் தொடங்குகிறது. அக்கா ஐந்து வரி வாசித்து முடித்து ஆறாவதற்கு வந்தார்.

"தமிழ் அகராதி. பிரதி இருபத்தஞ்சு. விலை ரெண்டு ரூபா. தொகை அம்பது."

அடித்துவிட்டேன். அவர் அடுத்ததற்குப் போகவில்லை.

"ரெண்டு ரூபாய்க்கு அகராதி குடுத்தாங்களா டீச்சர் அப்ப? அதுவும் இருபத்தஞ்சு வாங்கியிருக்காங்க. ரெண்டுதானே இருக்கு அலமாரியில?"

எனக்கும் அந்த அகராதி தெரியும். கெட்டி அட்டை, தடித்த புத்தகம். பார்வைநூல் அலமாரியில் இரண்டு பிரதி, இரண்டிலும் அடுத்தடுத்த எண். 1986-இல் விலைவாசி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பருமனில் ஒரு புத்தகம் இரண்டு ரூபாய்க்கு வராது. பாடநூல் அல்லாத ஒரு புத்தகத்தை, அதுவும் அகராதியை, ஒரு பள்ளி நூலகம் இருபத்தைந்து பிரதி வாங்கவும் வாங்காது. பக்கத்தை என் பக்கம் திருப்பி, விலைக் கட்டத்தை மேலிருந்து கீழே வாசித்தேன். 5, 10, 4, 6, 3, 2, 12. இடப்பக்கம் பிரதிகள் கட்டம்: 12, 8, 15, 6, 20, 25, 4.

இரண்டு கட்டங்களும் இடம் மாறியிருக்கின்றன என்று அப்போதே பட்டது. ஆனால் பட்டதை வைத்துப் பதிவேட்டில் கை வைக்க முடியாது. சிறுவர் புத்தகங்கள் அந்தக் காலத்தில் உண்மையிலேயே மூன்று ரூபாய்க்கும் நான்கு ரூபாய்க்கும் கிடைத்தன. மாஸ்கோவில் அச்சாகி என்.சி.பி.எச். கடைகளில் விற்ற தமிழ்ப் படப் புத்தகங்களை மலிவு விலைக்கு வாங்கிப் படித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இருபது பிரதி, மூன்று ரூபாய் என்றால் அதை நம்பமுடியாது என்று சொல்லிவிட முடியாது. அகராதி ஒன்றுதான் உறுத்துகிறது.

இதில் சங்கடம் என்னவென்றால், வழக்கமாகச் செய்கிற சரிபார்ப்பு எதுவும் இந்தப் பிழையைக் காட்டாது. பிரதியை விலையால் பெருக்கினால் தொகை வருகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். 25-ஐ 2-ஆல் பெருக்கினாலும் 50, 2-ஐ 25-ஆல் பெருக்கினாலும் 50. ஏழு வரியிலும் தொகை சரியாக வருகிறது. தொகைகளைக் கூட்டினால் 394 ரூபாய். பத்து சதவீதக் கழிவு 39.40 போக 354.60. ரொக்கப் புத்தகத்திலும் அதே 354.60 செலவு எழுதியிருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர் பார்ப்பது பணத்தை. பில், வவுச்சர், ரொக்கப் புத்தகம் மூன்றும் ஒத்துப்போனால் பச்சை மையில் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவார். அந்தப் பக்கத்தில் பச்சை டிக் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; பணத்தைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தில் ஒரு பைசா தவறு கிடையாது.

காகிதத்தில் இந்தப் பிழை வெளியே தெரிய இன்னொரு வாய்ப்பு இருந்தது. ஏதாவது ஒரு புத்தகத்தின் விலை நாலரை ரூபாயாக இருந்திருந்தால், பிரதிகள் கட்டத்தில் 4.50 என்று விழுந்திருக்கும். நாலரைப் பிரதி என்று எழுதும்போதே எழுத்தரின் கை நின்றிருக்கும். அந்தப் பில்லில் எல்லாமே முழு ரூபாய் விலை. அதனால் அதுவும் நடக்கவில்லை.

மிச்சம் இருக்கிற சாட்சி, நூலகர் எழுதிய சேர்க்கை எண் கட்டம். அவர் பில்லைப் பார்த்து எழுதியவர் அல்ல. மேசையில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து எண் போட்டு, கடைசி எண் எதுவோ அதை எழுதியவர். அகராதி வரியில் அவர் எழுதியிருப்பது 2339 முதல் 2340 வரை. இரண்டு எண்கள். கடைசி வரியில் ஒரு படக்கதைப் புத்தகம், பிரதி 4, விலை 12 என்று இருக்கிறது. அதற்கு எண் 2341 முதல் 2352 வரை. பன்னிரண்டு எண்கள்.

விரிதாளில் இதை எல்லா வரிகளுக்கும் போட்டுப் பார்த்தேன். C பிரதிகள், D விலை, E தொகை, F முதல் எண், G கடைசி எண். மூன்று சின்னக் கேள்விகள்:

```
=C2*D2=E2
=G2-F2+1=C2
=G2-F2+1=D2
```

முதலாவது, தொகை சரியா என்று கேட்கிறது. இரண்டாவது, கொடுத்த எண்களின் எண்ணிக்கையும் பிரதிகள் கட்டமும் ஒன்றா என்று கேட்கிறது. மூன்றாவது கேள்வி வழக்கமான பக்கத்தில் அர்த்தமில்லாதது. எண்களின் எண்ணிக்கையும் விலையும் எதற்காக ஒன்றாக இருக்கவேண்டும்? எப்போதாவது ஒரு வரியில் தற்செயலாக அமையலாம், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் முதல் கேள்விக்கு ஏழு வரியிலும் `TRUE`. இரண்டாவதற்கு ஒரே ஒரு வரியில்தான் `TRUE`. அது ஆறு பிரதி ஆறு ரூபாய் வரி, எப்படிப் புரட்டினாலும் அப்படியே இருக்கும். மூன்றாவதற்கு ஏழிலும் `TRUE`. தற்செயல் ஒரு வரியில் வரும், ஏழு வரியிலும் வராது.

ஏற்றிய மற்ற பக்கங்களிலும் இதே மூன்றையும் ஓட்டினேன். இரண்டாவது கேள்வி இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தவறியது. ஒரு எண்ணைத் தாண்டிப் போட்டது, பின்னட்டை கிழிந்து வந்த பிரதியைக் கடைக்குத் திருப்பி அனுப்பியது என்று அவற்றுக்கெல்லாம் ஓரத்தில் குறிப்பு இருந்தது. ஒரு பக்கம் முழுக்க மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று சொன்னது 1986 மார்ச் பக்கம் மட்டும்தான்.

அதற்குப் பிறகும் புத்தகத்தைப் பார்க்காமல் விட மனமில்லை. 2345-ஐத் தேடி எடுத்தேன். ஒல்லிப் புத்தகம், நடுவில் அடித்த கம்பி துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கியிருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் பள்ளி முத்திரை, ஊதா மையில் எண். நூலகங்களில் ரகசியப் பக்கம் என்று ஒன்று வைத்திருப்போம். யாராவது தலைப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் நம்முடையது என்று காட்ட, எல்லாப் புத்தகங்களிலும் ஒரே குறிப்பிட்ட பக்கத்தில் எண்ணை மறுபடி எழுதுவது. அங்கேயும் 2345. பின்னட்டையின் கீழ் மூலையில் 'விலை ரூ. 4-00' என்று அச்சடித்திருந்தது. பன்னிரண்டு ரூபாய் இல்லை. அகராதியின் உள்பக்கத்தில் விலை 25 ரூபாய்.

எப்படி நடந்தது என்பதற்குப் பதிவேட்டிலேயே விடை இருந்தது. பக்கத்தின் இடுக்கில் அந்தப் பில் மடித்து ஒட்டப்பட்டிருந்தது, ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. அந்தக் கடைக்காரர் பில்லில் கட்டங்கள் போட்டிருந்த வரிசை: பெயர், விலை, பிரதி, தொகை. எங்கள் பதிவேட்டில் அச்சடித்த வரிசை: பெயர், பிரதி, விலை, தொகை. எழுத்தர் பில்லை இடமிருந்து வலமாகப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டார். மற்ற கடைகளின் பில்கள் எல்லாம் பதிவேட்டின் வரிசையிலேயே இருந்ததால் வேறு பக்கத்தில் இது நடக்கவில்லை.

இதுவரை இது ஒரு பக்கத்துப் பிழை. பக்கத்தின் அடியில் போட்ட மொத்தத்தில்தான் விஷயம் கனமாகிறது. பிரதிகள் கட்டத்தைக் கூட்டி 90 என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கியது 42. முந்தைய பக்கம் வரை 2310; அதோடு 90 சேர்த்து 2400 என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அதே நேரம் நூலகர் எழுதிய கடைசி எண் 2352. அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மொத்தம் 48 கூடுதலாகவே நடந்து வந்திருக்கிறது. வாங்காத நாற்பத்தெட்டுப் புத்தகங்கள் எங்கள் பள்ளியின் கணக்கில் இருந்தன. கணக்கில் இருந்து அலமாரியில் இல்லையென்றால் இருப்புச் சோதனையில் அதற்குப் பெயர் பற்றாக்குறை.

எனக்கு முன்னால் இருந்த நூலகர் ஐயா, அந்தப் பக்கம் எழுதிப் பல வருடம் கழித்து வேலைக்கு வந்தவர். ஓய்வு பெறும்போது அவர் பொறுப்பு ஒப்படைத்த கோப்பு என்னிடம் இருக்கிறது. இருப்பு குறைவு 71 என்று அதில் இருக்கிறது. கீழே ஒரு பட்டியல், காணாமல் போன புத்தகங்களின் சேர்க்கை எண்கள். பட்டியலில் 23 எண்கள்தான். மீதி 48-க்கு எதிரே 'எண் அறியப்படவில்லை' என்று எழுதி, ஐயா கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேலையில் சேர்ந்த புதிதில் அந்த வரியைப் பார்த்து, எண் இல்லாமல் ஒரு புத்தகம் எப்படித் தொலையும் என்று யோசித்திருக்கிறேன். முதுகில் ஒட்டிய சீட்டு விழுந்துபோன புத்தகங்களாக இருக்கும் என்று அப்போது ஒருவர் சொன்னார். முதுகுச் சீட்டு விழுந்தாலும் சேர்க்கைப் பதிவேட்டில் வரி இருக்குமே, ஒன்றொன்றாக டிக் அடித்துக்கொண்டு வந்தால் விடுபட்ட எண் தானாகத் தெரிந்துவிடுமே என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஐயாவுக்குப் போன் செய்தேன். விவரம் முழுதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"பக்க எண் சொல்லும்மா" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார் போலிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன். எண் வாரியா எல்லாப் புத்தகமும் பாத்துட்டேன், இருபத்திமூணுதான் இல்ல, மொத்தம்தான் எங்கயோ இடிக்குதுன்னு. மொத்தம் தணிக்கை பாத்தது, அது தப்பா இருக்காதுன்னுட்டாங்க. புத்தகத்துக்கு நாப்பது ரூபான்னு சராசரி போட்டு, நாப்பத்தெட்டுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபா கட்டினப்புறம்தான் நிலுவையில்லைன்னு சான்று குடுத்தாங்க. பணம் ஒருபக்கம். நாப்பத்தெட்டுப் புத்தகத்தைக் கோட்டை விட்டுட்டுப் போனவன்னு கோப்புல இருக்கு பாரு, அது."

"திருத்தம் எழுதி மேடம் கையெழுத்து வாங்கறேன் ஐயா. உங்களுக்கு நகல் அனுப்பறேன்."

"நகல் அனுப்பு. பணத்துக்கும் தனியா எழுது. அதை விட்டுடக்கூடாது."

அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. நூலகத்தில் புத்தகம் தொலைவது இயல்பு என்பதை விதிகளே ஏற்றுக்கொள்கின்றன. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, ஒரு வருடத்தில் படிக்கக் கொடுத்த ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து வரை தொலைவதை, நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இல்லாத பட்சத்தில், நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கின்றன. எங்களுடையது உதவிபெறும் பள்ளி, அந்த விதி எங்களை நேரடியாகக் கட்டாது. ஆனாலும் பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுக்கிற இடத்தில், பல வருடத்தில் தொலைந்த 23-ஐ யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த 48-தான் அவரைக் குற்றவாளியாக்கியது.

திருத்தம் எப்படிச் செய்வது என்பதில் அலுவலகத்தில் கொஞ்சம் பேச்சு நடந்தது. இப்போதைய எழுத்தர், ஏழு வரியிலும் எண்களை அடித்துவிட்டுச் சரியாக எழுதிவிடலாம் என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினான்கு எண்களை அடித்து எழுதினால், நாளைக்குப் பார்க்கிறவருக்கு மூல எண் எது, பின்னால் எழுதியது எது என்று தெரியாது. அந்தப் பக்கமே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். எண்கள் ஒன்றும் தவறில்லை, பில்லில் இருப்பதுதான் இருக்கிறது. மேலே இருக்கிற தலைப்புதான் இந்தப் பக்கத்துக்குப் பொருந்தவில்லை. அதனால் 'பிரதிகள்', 'விலை' என்ற இரண்டு சொற்களை மட்டும் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு இட்டு, இடம் மாற்றி எழுதினோம். அடியில் 90-ஐ அடித்து 42. பக்கத்தில் காரணக் குறிப்பு, தேதி, என் கையெழுத்து, தலைமையாசிரியர் கையெழுத்து. பின்னால் வரும் பக்க மொத்தங்கள் எதையும் தொடவில்லை. கடைசிப் பக்கத்தில், 1986 மார்ச் பக்கத்துத் திருத்தத்தின்படி மொத்தத்தில் 48 கழிக்கப்படுகிறது என்று ஒரே ஒரு வரி.

விரிதாளில் வேறு மாதிரி செய்தேன். அங்கே பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு கிடையாது. உச்சியில் ஒரே தலைப்பு, அதன் கீழே எல்லா வருடங்களும். பதிவேட்டைப் பார்த்து அப்படியே அடித்திருந்தால், எழுத்தரின் கை, ஒட்டிய பில், பக்க அடி எதுவும் பார்வையில் இல்லாமல் அந்த ஏழு வரி மற்ற வரிகளோடு கலந்திருக்கும். அதனால் 'பதிவேட்டில் உள்ளபடி பிரதிகள்', 'பதிவேட்டில் உள்ளபடி விலை' என்று இரண்டு கட்டங்களை அப்படியே விட்டு, பக்கத்தில் 'திருத்திய பிரதிகள்', 'திருத்திய விலை' என்று புதிதாக இரண்டு சேர்த்தேன். கோஹாவுக்குப் போனது திருத்தியவை. பதிவேட்டின் பக்க எண்ணுக்கும் ஒரு கட்டம் வைத்தேன். யாராவது சந்தேகப்பட்டால் நேராகக் காகிதத்துக்குப் போகலாம்.

தலைமையாசிரியர் மேடம் திருத்தக் குறிப்பில் அன்றே கையெழுத்துப் போட்டார். ஐயாவின் ஒப்படைப்புக் கோப்பிலும் அதன் நகலைச் சேர்த்து, குறைவு 71 அல்ல, 23 என்று எழுதிவைத்தோம். 1,920 ரூபாயைத் திருப்பித் தரக் கேட்டு எழுதிய கடிதம் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போயிருக்கிறது. பணம் பெரிய தொகை இல்லை, எதற்கு இத்தனை வருடம் கழித்து என்று ஒரு உறுப்பினர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். வாங்காத புத்தகத்துக்கு வாங்கிய பணம் அது. வருடம் எத்தனை ஆனாலும் பள்ளி அதை வைத்துக்கொள்ளக்கூடாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கூட்டத்தில் என்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டையும் 2345-ஐயும் எடுத்துக்கொண்டு போவேன்.

நகல் கிடைத்ததும் ஐயா கூப்பிட்டார். குறிப்பில் ஒரு எழுத்துப்பிழை இருப்பதைச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அந்த எழுத்தர்தானேம்மா அப்ப லேப் ஸ்டாக்கும் எழுதினார்?"

ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அதே கையெழுத்து. பியூரெட், பிப்பெட், சோதனைக் குழாய், எல்லாம் எண்ணிக்கை, விலை, தொகை என்றே இருக்கிறது. தொகை எல்லாம் பெருக்கினால் சரியாக வருகிறது. சோதனைக் குழாய்க்கு யாரும் சேர்க்கை எண் போடுவதில்லை, உடைந்தவை உடைந்த கணக்கில் போய்விட்டன, விலையும் அதன்மேல் அச்சடித்திருக்காது. மூன்றில் முதல் கேள்வியைத்தான் அங்கே கேட்கமுடியும். பில் ஒட்டிய பக்கங்கள் சிலவே. மற்ற பில்கள் கட்டுக்கட்டாக மாடி அறையில் இருக்கின்றன என்கிறார் எழுத்தர். வேதியியல் டீச்சரும் நானும் சனிக்கிழமை அந்தக் கட்டுகளைப் பிரித்து, விலையை முதலில் போடுகிற கடை எது எது என்று முதலில் பட்டியல் எடுக்கப் போகிறோம்.